ஒரு கணக்குக்கு 60,000 ரூபாயா?

போன வாரம் ஓர் அம்மா, மூன்றாம் ஆண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் மகனோடு வந்தார். ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் பாடத்தில் அரியர். "கேட் கோச்சிங்ல சேர்த்துடுன்னு இவன் பெரியப்பா சொல்றார் சார், 60,000 ரூபாய்" என்றார்.

ஒரு அரியரால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். கேட் என்பது எம்.டெக். சேர்வதற்கான நுழைவுத் தேர்வு. எம்.டெக். வேண்டாம், சர்வர் பராமரிப்பு வேலைதான் பிடிக்கும் என்று பையனே சொல்கிறான். பெரியப்பாவின் ஆசைக்கு அவன் ஏன் கேட் எழுத வேண்டும்?

விடைத்தாள் நகலை வாங்கிப் பார்த்தேன். முன்பு இந்தப் பாடத்தை நடத்தியவன் என்பதால் கோளாறு உடனே தெரிந்தது. டெட்லாக் கேள்வியில் மொத்தமாகக் கோட்டைவிட்டிருந்தான். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்கள், அதாவது பிராசஸ்கள், ஒன்று வைத்திருக்கும் வளத்துக்காக மற்றொன்று காத்திருந்து எதுவுமே நகராமல் நின்றுபோவதுதான் டெட்லாக். அதே மாதிரிக் கணக்கு ஒன்றை உட்கார்ந்து போட்டோம். P1, P2, P3 என்று மூன்று பிராசஸ்கள். A வளம் மொத்தம் 10, B வளம் மொத்தம் 6. ஒவ்வொரு கட்டத்திலும் முதல் எண் A, இரண்டாவது B.

```
     Allocation   Max    Need
P1      3 1       7 4    4 3
P2      2 2       4 3    2 1
P3      3 1       8 3    5 2
Available: 2 2
```

Allocation என்பது ஏற்கெனவே கொடுத்தது, Max என்பது அதிகபட்சம் கேட்கக்கூடியது. Need என்பது Max-இலிருந்து Allocation-ஐக் கழித்தது, இன்னும் கேட்கக்கூடியது. கையிருப்பை, அதாவது Available-ஐ, இதோடுதான் ஒப்பிட வேண்டும். அவன் Max-ஓடு ஒப்பிட்டிருந்தான். 2 2 இருக்கும்போது P1-க்குப் போதாது, P2-க்குப் போதும். P2 முடிந்ததும் தன்னிடமிருந்த 2 2-ஐத் திருப்பித் தரும், கையிருப்பு 4 4. P3-க்கு A-இல் ஒன்று குறைகிறது, P1-க்குச் சரி. அது முடிந்தால் 7 5. அப்புறம் P3 முடிந்து 10 6. கடைசி எண் மொத்த வளத்துக்குச் சமமாக வந்தால் கூட்டல் சரி. எல்லாம் முடிய P2, P1, P3 என்ற வரிசை கிடைத்துவிட்டதால் நிலை பாதுகாப்பானது. முடிந்த பிராசஸின் Max-ஐக் கூட்டுவது இன்னொரு வழக்கமான தப்பு. அப்படிச் செய்தால் கடைசி எண் மொத்தத்தைத் தாண்டிக் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்த பகுதியில்தான் மார்க் போகும். முதலில் இருந்த நிலையில் P3 ஒரே ஒரு A கேட்கிறது. இதே போன்ற இடத்தில், கையில் இருக்கிறதே, கொடுக்கலாமே என்று விடைத்தாளில் எழுதியிருந்தான். கொடுத்ததாக வைத்துக்கொண்டு சோதிக்க வேண்டும். கையிருப்பு 1 2, P3-இன் Need 4 2. இப்போது P2-க்கே A-இல் ஒன்று குறைகிறது. மூன்றில் எதையும் முடிக்க முடியாது. பாதுகாப்பற்ற நிலை, ஆகவே P3 காத்திருக்க வேண்டும். இங்கே 'டெட்லாக் வந்துவிட்டது' என்று எழுதினால் தப்பு. P2 தன் முழுத் தேவையையும் கேட்காமலே முடிந்துவிடலாம். வரலாம் என்பதுதான் விஷயம், வந்துவிட்டது என்பதல்ல.

இரண்டாவது கணக்கை அவனே போட்டான், 20 நிமிடத்தில். பெரியப்பாவிடம் என்ன சொல்வது என்று அம்மா கேட்டார். அரியர் கட்டணத்தை மட்டும் கட்டிவிட்டோம் என்று சொல்லுங்கள் என்றேன்.