தாமதமாக வரும் ஊழியருக்கு எச்சரிக்கைக் கடிதம்: முதலில் கேளுங்கள், அப்புறம் எச்சரியுங்கள்

கேள்வி: வணக்கம் சார். ஈரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன், 14 பேர் வேலை செய்கிறார்கள். பில்லிங்கில் இருக்கும் ஒரு பையன் நாலு வருஷமாக இருக்கிறான், நல்ல வேலைக்காரன், ஆனால் ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாசத்தில் 11 நாள் லேட். கடை 9.30, பத்து நிமிஷம் விட்டுவிடுவோம். அவன் 10 மணிக்குக்கூட வருகிறான். வாயால் சொல்லிப் பார்த்தாச்சு. பிப்ரவரியில் மூன்று நாளுக்கு அரை நாள் சம்பளம் பிடித்தேன் (சம்பளம் 15,600). இப்போது 'இனி லேட்டானால் வேலையை விட்டு நீக்கப்படுவீர்கள்' என்று ஒரு வார்னிங் லெட்டர் நெட்டிலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். கொடுக்கலாமா? நாளைக்கு லேபர் ஆபீஸ் போனால் நிற்குமா? வருகைப் பட்டியலை இணைத்திருக்கிறேன்.

பதில்: கொடுக்காதீர்கள், இப்போதைக்கு. அந்தக் கடிதத்தில் தேதி இல்லை, நேரம் இல்லை, அவர் என்ன சொன்னார் என்பதும் இல்லை. முடிவு மட்டும்தான் இருக்கிறது. நாளைக்கு ஒரு அதிகாரி முன்னால் அதை வைத்தால் அவர் கேட்கும் முதல் கேள்வியே 'இதைக் கொடுக்கும் முன் அவரிடம் விளக்கம் கேட்டீர்களா?' என்பதாகத்தான் இருக்கும்.

அதற்கும் முன்னால் அந்த அரை நாள் சம்பளத்தைப் பார்ப்போம், உங்கள் பக்கத்தில் பலவீனமான இடம் அதுதான். 15,600-ஐ 26 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 600, எட்டு மணி நேர வேலை என்று வைத்தால் மணிக்கு 75 ரூபாய். 25 நிமிடம் தாமதத்துக்கு 31 ரூபாய் சொச்சம் வரும். நீங்கள் பிடித்தது 300. வேலைக்கு வராத நேரத்துக்கு எவ்வளவோ அவ்வளவுதான் சம்பளத்தில் பிடிக்கலாம் என்று 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது, அதற்கு முன்பிருந்த 1936 சட்டத்திலும் இதே விதிதான். அதற்கு மேல் பிடித்தால் அது அபராதம். அபராதம் போட வேண்டுமானால் எந்தெந்தத் தவறுக்கு என்று முன்கூட்டியே அரசுத் தரப்பின் ஒப்புதல் வாங்கி அறிவிப்பு ஒட்டியிருக்க வேண்டும், அவரிடம் விளக்கம் கேட்டிருக்க வேண்டும், மொத்தமும் அந்த மாதச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 15,600-க்கு அது 468 ரூபாய். நீங்கள் பிடித்ததோ 900, ஒட்டிய அறிவிப்பும் இருக்காது என்று நினைக்கிறேன். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அந்த மூன்று நாளையும் கடிதத்தில் சேர்த்தால், ஒரே தவறுக்குச் சம்பளத்திலும் பிடித்தீர்கள், எச்சரிக்கையும் கொடுத்தீர்கள் என்று அவர் தரப்பு வக்கீல் முதல் பத்தியிலேயே எழுதிவிடுவார். அந்தந்த நாளின் நிமிடக் கணக்குக்கு வரும் தொகையை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை இந்த மாதச் சம்பளத்தோடு திருப்பிக் கொடுத்து, பதிவேட்டிலும் எழுதிவிடுங்கள். மனசுக்கு வராதுதான், ஆனால் உங்கள் கடிதத்துக்கு வலு சேர்ப்பது அதுதான்.

சரி, அடுத்து பட்டியல். நீங்கள் அனுப்பிய 11 நாளையும் காலண்டரோடு வைத்துப் பார்த்தேன், அதில் 8 நாள் செவ்வாய் அல்லது வெள்ளி. வேண்டுமென்றே தாமதமாக வருகிறவர் கிழமை பார்த்து வர மாட்டார். வீட்டில் யாரையோ மருத்துவமனைக்குக் கூட்டிப் போகிறாரா, அந்தக் கிழமைகளில் பேருந்து இல்லையா, எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. விளக்கம் கேட்பது வெறும் சடங்கு இல்லை என்பதற்கு இதுவே போதும். என்னிடம் சட்ட ஆலோசனைக்கு வரும் ஒருவர் அச்சகம் வைத்திருக்கிறார், இப்படித்தான் கேட்காமல் கொள்ளாமல் எச்சரிக்கை கொடுத்தார். அந்த ஊழியர் ஒரு வரியில் பதில் எழுதினார்: பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வர மேற்பார்வையாளர்தான் 15 நிமிடம் அனுமதி தந்தார். மேற்பார்வையாளரைக் கேட்டால், ஆமாம் சார், நான்தான் சொன்னேன் என்கிறார். முதலாளியின் ஆளே அனுமதித்ததைக் குற்றம் என்று எப்படி எழுதுவது? கடிதத்தைத் திரும்ப வாங்க வேண்டியதாகிவிட்டது.

கைரேகை இயந்திரத்தையும் ஒருமுறை பாருங்கள். உங்கள் செல்போன் நேரத்தோடு ஒப்பிட்டு ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். ஐந்தாறு நிமிடம் வேகமாக ஓடும் இயந்திரங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பிப்ரவரி 6-ஆம் தேதி அவர் வந்தது 9.47 என்று காட்டுகிறது, இயந்திரம் 6 நிமிடம் முந்தியிருந்தால் உண்மையில் 9.41, நீங்கள் விடும் பத்து நிமிடத்தைத் தாண்டி ஒரே ஒரு நிமிடம். அப்படிப்பட்ட நாள்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். சந்தேகமுள்ள மூன்று நாளைச் சேர்த்து 11 என்பதைவிட உறுதியான 8 என்பதே மேல். கையோடு மற்ற 13 பேரின் பதிவையும் பாருங்கள். இன்னும் இருவர் இதே அளவு தாமதமாக வந்து அவர்களுக்கு எதுவும் இல்லை என்றால், இவரை மட்டும் குறிவைக்கிறீர்கள் என்றாகிவிடும்.

இப்போது கடிதம். ஒன்று இல்லை, இரண்டு. முதலில் போவது விளக்கம் கேட்கும் கடிதம், நம்ம ஊர்ப் பேச்சில் மெமோ. அதில் எச்சரிக்கையோ மிரட்டலோ இருக்கக் கூடாது. 'ஏன் உங்களை நீக்கக் கூடாது' என்று ஆரம்பித்தால் முடிவை முன்பே எடுத்துவிட்டீர்கள் என்று ஆகிவிடும். இந்த அளவுக்கு எழுதினால் போதும்:

'கடையின் வேலை நேரம் காலை 9.30, பத்து நிமிடச் சலுகை உண்டு. கைரேகைப் பதிவின்படி நீங்கள் பிப்ரவரி 3 அன்று 9.52-க்கும், 13 அன்று 10.05-க்கும், 17 அன்று 9.55-க்கும் வந்துள்ளீர்கள். மற்ற நாள்களின் விவரமும் பதிவின் நகலும் இத்துடன் உள்ளன. இது குறித்து ஜனவரியில் மேலாளர் உங்களிடம் நேரில் பேசினார். பதிவில் தவறு இருந்தாலோ, தாமதத்துக்குக் காரணம் இருந்தாலோ, ஏற்கெனவே யாராவது அனுமதி தந்திருந்தாலோ, 7 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும். நேரில் சொல்ல விரும்பினால் அதற்கும் நேரம் ஒதுக்கப்படும், உடன் பணிபுரியும் ஒருவரை அழைத்து வரலாம். உங்கள் விளக்கத்தைப் பார்த்த பிறகே முடிவு எடுக்கப்படும்.'

தமிழிலேயே கொடுங்கள். அவருக்குப் புரியாத இங்கிலீஷில் கொடுத்துவிட்டு விளக்கம் கேட்டோம் என்று சொல்ல முடியாது. 7 நாள் என்பது சட்டம் சொல்லும் கணக்கில்லை, நான் வழக்கமாகச் சொல்வது. 24 மணி நேரம் கொடுத்தால் வாய்ப்புக் கொடுத்தது போலவே தெரியாது. ஜனவரியில் யார் பேசினார், எந்தத் தேதி என்பது ஞாபகம் இருந்தால்தான் அந்த வரியை எழுதுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் சண்டை போட வேண்டாம், இரண்டு ஊழியர்கள் முன்னிலையில் 'கொடுக்கப்பட்டது, பெற மறுத்தார்' என்று எழுதி அவர்களிடம் கையெழுத்து வாங்கி, அன்றைக்கே வீட்டு முகவரிக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, சேர்ந்த விவரத்தைப் பிரிண்ட் எடுத்து ஃபைலில் வையுங்கள். வாட்ஸப்பில் அனுப்புவதைக் கூடுதலாகச் செய்யலாம், அது மட்டும் போதாது.

பதில் வந்ததும் உடனே அடுத்த கடிதத்தை நீட்டாதீர்கள். இரண்டு நாள் எடுத்து, அவர் சொன்னதைச் சரிபாருங்கள். அம்மாவுக்கு டயாலிசிஸ் என்று எழுதுகிறார், மருத்துவமனைச் சீட்டும் தருகிறார் என்று வையுங்கள். அப்போது எச்சரிக்கையே தேவைப்படாமல் போகலாம், செவ்வாயும் வெள்ளியும் 10 மணிக்கு வந்து மாலையில் அந்த அரை மணியை ஈடு செய்யட்டும் என்று எழுத்தில் ஏற்பாடு செய்துவிட்டால் முடிந்தது. இல்லை, எட்டில் ஐந்து நாளுக்குத்தான் காரணம் இருக்கிறது, மீதி மூன்றுக்கு 'தூங்கிவிட்டேன்' என்றால், அந்த மூன்றுக்கு மட்டும் எச்சரிக்கை.

அந்த இரண்டாவது கடிதத்தில் பலர் விட்டுவிடும் வரி ஒன்று உண்டு: அவர் சொன்ன விளக்கமும், அதை ஏன் ஏற்றோம் அல்லது ஏற்கவில்லை என்ற காரணமும். இப்படி:

'உங்கள் விளக்கம் பரிசீலிக்கப்பட்டது. மருத்துவமனை செல்ல வேண்டியிருந்ததாக நீங்கள் கூறிய 5 நாள்கள் ஏற்கப்பட்டு, பட்டியலிலிருந்து நீக்கப்படுகின்றன. மீதி 3 நாள்களுக்குத் தகுந்த காரணம் கூறப்படவில்லை. நாலு வருடமாக உங்கள் மீது வேறு புகார் இல்லை என்பதும் கருத்தில் கொள்ளப்பட்டது. எனவே இந்த 3 நாள்களுக்காக எச்சரிக்கப்படுகிறீர்கள். அடுத்த 6 மாதம் முன்னனுமதி இல்லாத தாமதம் இல்லாவிட்டால் இந்த எச்சரிக்கை கணக்கில் எடுக்கப்படாது. தொடர்ந்தால் மேல்நடவடிக்கை எடுக்கப்படலாம், அப்போதும் விளக்கம் அளிக்க வாய்ப்பு தரப்படும். இந்த எச்சரிக்கையில் உங்களுக்கு உடன்பாடு இல்லையென்றால் அதை எழுத்தில் தரலாம், இதோடு சேர்த்து வைக்கப்படும்.'

'நீக்கப்படுவீர்கள்' என்று நான் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. அப்படி எழுதினாலும் உங்களால் அதைச் செய்ய முடியாது. 6 மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை செய்தவரைத் தகுந்த காரணம் இல்லாமலும் ஒரு மாத நோட்டீசோ அதற்குப் பதில் சம்பளமோ இல்லாமலும் நீக்கக் கூடாது என்கிறது 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆம் பிரிவு. ஒழுங்கீனம் என்று சொல்லி நோட்டீஸ் இல்லாமல் அனுப்ப வேண்டுமானால், விசாரணை நடத்தி, சாட்சியத்தைப் பதிவு செய்து, குற்றச்சாட்டு நிரூபணமாகியிருக்க வேண்டும். அவர் அதை எதிர்த்து மேல்முறையீடும் செய்யலாம். செய்ய முடியாததை எழுதினால் அவருக்குப் பயமும் வராது, உங்களுக்கு ஆதாரமும் ஆகாது. பெரிய ஆலைகளின் வேலை விதிகளான மாதிரி நிலையாணைகளிலும் 'வழக்கமாக' தாமதமாக வருவதைத்தான் ஒழுங்கீனம் என்று வைத்திருக்கிறார்கள். அதனால் காரணமில்லாத மூன்று நாளை வைத்து நீக்குவது வரை போக முடியாது.

எச்சரிக்கைக்குப் பிறகும் தொடர்ந்தால் இதே வரிசையில் இன்னொரு முறை, அப்புறம்தான் குற்றச்சாட்டுக் குறிப்பாணையும் விசாரணையும். அந்தக் கட்டம் வந்தால் பழைய எச்சரிக்கைகளையும் நோட்டீசிலேயே குறிப்பிட்டு, அதற்கும் பதில் சொல்ல இடம் கொடுக்க வேண்டும். பழைய குறைகளை ஊழியரிடம் சொல்லாமல் வைத்துக்கொண்டு தண்டனையைக் கூட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் மைசூர் மாநிலம் எதிர் மாஞ்சே கௌடா வழக்கில் சொன்னது, அது அரசு ஊழியர் வழக்குதான் என்றாலும் தொழிலாளர் வழக்குகளிலும் வாதிடுவார்கள். விசாரணை நடத்துபவராக உங்கள் மேலாளரைப் போடாதீர்கள், அவரே சாட்சி சொல்ல வேண்டியிருக்கலாம். அதுவரை போகும் என்று தோன்றவில்லை. மீதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முதல் கடிதத்தைக் கொடுங்கள், பதில் வந்ததும் அதை அனுப்புங்கள், இரண்டாவதை அதைப் பார்த்துத்தான் எழுத முடியும்.