குல்லா, குல்லா? – குர்ஆனைச் சரியாக ஓதப் பழக்கும் தஜ்வீத் ஆரம்ப வகுப்புக் கேள்வி பதில்

"குல் ஹுவல்லாஹு"வில் வருவது நம்ம 'க'தானே? அதில் ஏன் இவ்வளவு கறார்?

அரபியில் அது காஃப் அல்ல, கனத்த காஃப், அதாவது 'கா(q)ஃப்' என்று சிலர் எழுதும் எழுத்து. பாருங்கள், எழுதும்போதே தமிழ் கைவிட்டுவிட்டது! கனத்ததாக ஓதினால் 'கூறுக'. மெல்லியதாக ஓதினால் 'சாப்பிடு'. "குலூ வஷ்ரபூ", உண்ணுங்கள் பருகுங்கள் என்று வருகிறதே, அந்த வினையின் ஒருமை. எழுத்தே மாறும் இந்தப் பிழைக்கு லஹ்ன் ஜலீ என்று பெயர்.

கனத்த காஃப் அடிநாக்கின் கடைசியில், உள்நாக்கை ஒட்டிப் பிறக்கும். மெல்லிய காஃப் அதற்குக் கொஞ்சம் முன்னால். சோதிக்க, வாய்க்கு முன் உள்ளங்கையை வைத்து இரண்டு வசனங்களை நிறுத்தி ஓதுங்கள். "அலம் நஷ்ரஹ் லக ஸத்ரக்" என்று முடிக்கையில் கையில் மூச்சுப் படும், அது மெல்லியது. "ரப்பில் ஃபலக்" என்று முடிக்கையில் மூச்சுப் படக்கூடாது, ஒலி தெறித்துத் திரும்பும். அந்தத் தெறிப்புதான் கல்கலா. இரண்டிலும் மூச்சு வந்தால் நாக்கு இன்னும் முன்னாலேயே நிற்கிறது.

தமிழ் எழுத்தில் பார்த்து ஓதுகிறேன். 'க'வுக்குக் கீழே புள்ளி வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். புள்ளி கண்ணுக்குத் தெரியும், தொண்டைக்குத் தெரியாது. அரபி எழுத்தைப் படியுங்கள்.

ராகம் நன்றாக வர மத்து எனும் நீட்டலைக் கொஞ்சம் இழுத்தால்?

இயல்பான மத்து இரண்டு ஹர்கத்து, அதாவது இரண்டு குறில் அளவுதான். ராகத்துக்காக நாலாக்கினால் அது உங்கள் பாட்டு. "வலள்ளாலீன்" என்பதில் முதல் நீட்டல் ஆறு, அங்கே தாராளமாக நில்லுங்கள்.

அதில் வரும் ளாது எழுத்தை நான் 'ழா' மாதிரி ஓதுவேன். எங்கள் உஸ்தாத் 'தா' மாதிரி என்கிறார். யார் சரி?

இருவரும் பாதி. நாக்கின் பக்க விளிம்பு மேல் கடைவாய்ப் பற்களில் உரசணும், ஒலி ஓடணும். சட்டென்று அடைபட்டால் தால் எழுத்தின் பக்கம் போய்விட்டது. நுனிநாக்கு பல்லுக்கு வெளியே எட்டிப்பார்த்தால் ளாஃ என்ற வேறு எழுத்தாகிவிட்டது.

குறுக்கிடுகிறேன் ஹஸ்ரத். பெரிய காரிகளே அடைத்துத்தானே ஓதுகிறார்கள்?

பலர் அப்படித்தான் ஓதுகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் பழைய அரபி இலக்கண அறிஞர் சீபவைஹி காலத்து வர்ணனையிலேயே அது ஓடும் எழுத்து. இந்த வாதம் நூற்றாண்டுகளாக நடக்கிறது, இந்த வகுப்பில் முடியாது.

அப்போ தப்பாக ஓதினால் தொழுகை கூடாதா?

அது ஃபிக்ஹ் கேள்வி. ஆலிமிடம் போங்கள்.

ளாதுக்குத் தமிழில் எந்த எழுத்துப் போடுவது?

மறுபடியுமா! எதுவும் போடாதீர்கள். எகிப்து காரி ஹுஸரியின் நிதானமான ஓதலைப் போட்டு, ஒரு வசனத்தைப் பத்துத் தடவை கேட்டுவிட்டு, அப்புறம் என்னிடம் வந்து ஓதிக் காட்டுங்கள்.