கடைசி வரியில் என்ன எழுதுவது? கேள்வி பதில்

கவிதா: சின்ன பிரஸ் வைத்திருக்கிறேன் சார். கொட்டேஷன் மெயிலை ‘தங்கள் மேலான பதிலை விரைவில் எதிர்பார்க்கிறேன்’ என்று முடிப்பேன். பாதிப் பேர் பதிலே போடுவதில்லை.

அந்த வரியைப் படித்தவருக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லையே மேடம், மெயிலை மூடிவிட்டுப் போவார். ஆர்டர் உறுதியாக அவர் முதலில் எதை முடிவு செய்ய வேண்டும் என்று பாருங்கள். நோட்டீஸ் என்றால் பெரும்பாலும் தாளின் கனம்தான், இல்லையா? அப்போது இப்படி முடியுங்கள்: ‘90 ஜிஎஸ்எம்மா, 130 ஜிஎஸ்எம்மா என்று மட்டும் புதன் மாலைக்குள் சொல்லுங்கள். வியாழன் காலை ப்ரூஃப் அனுப்புகிறேன்.’ ஒரே சொல்லில் பதில் போட்டுவிடலாம், போட்டால் என்ன கிடைக்கும் என்பதும் தெரிகிறது. அதோடு அளவு, எண்ணிக்கை, டெலிவரி என்று நாலு கேள்வியைச் சேர்த்தால் ‘அப்புறம் பார்ப்போம்’ என்று தள்ளிவிடுவார்கள். மற்றதை ப்ரூஃப் அனுப்பும்போது கேட்டுக்கொள்ளலாம்.

செந்தில்: சுருக்கமாக, ஒரு தேதி போட்டால் போதும். நான் ‘வெள்ளிக்குள் பதில் தரவும்’ என்றுதான் எழுதுகிறேன்.

பாதி சரி. எதற்கு வெள்ளி? காரணம் இல்லாத தேதி அதட்டல் மாதிரி இருக்கும், வெள்ளி தாண்டியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் அடுத்த தேதியை யாரும் மதிக்க மாட்டார்கள். ‘சனிக்கிழமை தாள் வாங்கப் போகிறேன், வெள்ளிக்குள் சொன்னால் உங்களுடையதையும் சேர்த்து வாங்கிவிடுவேன்’ என்றால் நியாயமாகப் படும்.

ராஜா: அப்போ ‘இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள’ வேண்டாமா அண்ணே? தாசில்தாருக்கு மனு எழுதுகிறேன்.

அது இருக்கட்டும் தம்பி, நான் சொல்வது அதற்கு மேலே வருகிற வரியை.

முருகன்: சப்ளை செய்து மூன்று மாதம் ஆகிறது, பணம் வரவில்லை. ‘விரைவில் தருவீர்கள் என நம்புகிறேன்’ என்று இரண்டு முறை எழுதிவிட்டேன்.

வாங்கி விற்கும் வியாபாரமாக இல்லாமல், மைக்ரோ அல்லது ஸ்மால் தொழிலாக சப்ளைக்கு முன்பே உத்யம் பதிவு இருந்ததா? இருந்தால் எம்எஸ்எம்இ சட்டம் உங்கள் பக்கம். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது, ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள்தான். மூன்றாவது மெயிலை இப்படி முடிக்கலாம்: ‘12ஆம் தேதிக்குள் தொகை வராவிட்டால் 13ஆம் தேதி எம்எஸ்எம்இ ஃபெசிலிடேஷன் கவுன்சிலில் மனு கொடுக்கிறேன்.’ பாக்கிப் புகாரை விசாரிக்கிற இடம் அதுதான். ஆனால் நிஜமாகவே கொடுக்கத் தயாராக இருந்தால் மட்டும் எழுதுங்கள். தொடர்ந்து ஆர்டர் தருகிற பார்ட்டி என்றால் அதற்கு முன் அக்கவுண்ட்ஸில் யார் பில்லைப் பாஸ் செய்கிறார் என்று விசாரித்து, அவருக்கே ‘பில்லில் எதுவும் குறையா? இன்றே திருத்தி அனுப்புகிறேன்’ என்று ஒரு மெயில் போட்டுப் பாருங்கள்.

பிரியா: வேலைக்கு அப்ளை செய்யும்போது ‘திங்கட்கிழமை நானே போன் செய்கிறேன்’ என்று முடிக்கலாமா?

விளம்பரத்தில் ஒருவர் பெயரும் நம்பரும் இருந்தால் எழுதலாம். போர்ட்டல் வழியாக என்றால் யாருக்கு போன் செய்வீர்கள்? ‘பத்து மணிக்கு மேல் எந்த நாளும் பேசலாம், டெஸ்ட் இருந்தால் இந்த வாரமே எழுதுகிறேன்’ என்பது போதும். நம்பர் இருந்தாலும் சில ஹெச்ஆருக்கு போன் வந்தாலே பிடிக்காது, சிலர் ஆர்வமாக இருக்கிறார் என்பார்கள். இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க எனக்கு வழி தெரியவில்லை.