கோல்பேஸில் நடந்தபடி ஹைப்பர்லாப்ஸ்: எத்தனை மடங்கு என்பதைக் கால்தான் சொல்லும்

கேள்வி: ஆடாமல் பிடித்துத் தரும் கிம்பல் இல்லை, போன் மட்டும்தான். கொழும்பில் நடந்துகொண்டே எடுத்து வேகமாக்கிக் காட்டும் ஹைப்பர்லாப்ஸ் வீடியோ ஒன்று எடுக்க ஆசை. எந்த வழியில் போகலாம், ஆடாமல் எப்படிப் பிடிப்பது, எத்தனை மடங்கு வேகமாக்குவது?

கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன். மற்ற இரண்டும் அதைப் பிடித்துக்கொண்டுதான் வரும். எல்லோரும் செய்வது, எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, எடிட்டிங் செயலியில் 10 மடங்கு, 20 மடங்கு என்று தள்ளிப் பார்த்து, எது நன்றாகத் தெரிகிறதோ அதை வைப்பது. நானும் முதல் இரண்டு முறை அப்படித்தான் செய்தேன். இரண்டும் குப்பைக்குப் போயின.

வேகமாக்குவது என்றால் உண்மையில் நடப்பது இதுதான். போன் நொடிக்கு 30 படம் எடுக்கிறது. 30 மடங்கு வேகமாக்கினால் ஒவ்வொரு 30 படத்துக்கும் ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற 29ஐயும் தூக்கி எறிகிறீர்கள். அதாவது நொடிக்கு ஒரு படம் மிஞ்சுகிறது. அந்த ஒரு படம் எடுபட்ட கணத்தில் உங்கள் கால் எங்கே இருந்தது என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

நடக்கும்போது உடம்பு ஒவ்வொரு அடிக்கும் ஒருமுறை மேலே ஏறி இறங்கும். பக்கவாட்டில் ஆடுவது வேறு கணக்கு. இடது காலில் நிற்கும்போது இடப்பக்கம், வலது காலில் நிற்கும்போது வலப்பக்கம் சாய்வதால், இரண்டு அடிக்கு ஒருமுறைதான் அந்த ஆட்டம் ஒரு சுற்று முடிக்கும். இப்போது நிமிடத்துக்கு 120 அடி வைத்து நடக்கிறீர்கள் என்று வையுங்கள். ஒரு அடிக்கு அரை நொடி, அதாவது 15 படம். 15 மடங்கு வேகமாக்கினால் அடிக்கு ஒரு படம் கிடைக்கும். ஒரு படம் இடது காலில், அடுத்தது வலது காலில். ஏற்ற இறக்கம் போய்விடும், ஆனால் படம் இடமும் வலமும் படபடவென்று துடிக்கும். 30 மடங்கு ஆக்கினால் எல்லாப் படமும் ஒரே காலில், அந்தக் கால் ஒரே நிலையில் இருக்கும்போது எடுத்ததாக இருக்கும். இரண்டு ஆட்டமும் ஒன்றாகக் காணாமல் போகும். நீங்கள் ஆடவில்லை என்பதல்ல. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்துக்கு ஆடி வந்தபோதுதான் படம் எடுத்திருக்கிறீர்கள்.

இதை நான் கண்டுபிடித்தது என் தங்கச்சியால். கோல்பேஸ் கடலோரத்தில் எடுத்ததை 30 மடங்காக்கிக் காட்டினேன். பார்த்துவிட்டு, "அண்ணா, நீங்கள் நடந்த மாதிரி இல்லை, கப்பலில் போன மாதிரி இருக்கு" என்றாள். உண்மைதான். இடப்பக்கம் தெரிந்த கடலின் அடிவானம் மெதுவாக ஒருபக்கம் சாய்ந்து மெதுவாக மறுபக்கம் சாய்ந்துகொண்டிருந்தது, இரண்டு நொடிக்கு ஒருமுறை ஆற அமர ஒரு தாலாட்டு. கை நடுங்கினால் இப்படி வராது. பழைய வீடியோவைத் திறந்து ஒரு நிமிடத்துக்கு எத்தனை அடி என்று எண்ணினேன். 118. ஆக, என் இரண்டு அடிக்கு 30 படம் அல்ல, 30.5 படம். ஒவ்வொரு முறையும் அரைப் படம் பிந்திப் பிந்தி, ஏறத்தாழ 60 படத்தில் ஆட்டத்தின் முழுச் சுற்றையும் அது காட்டிவிட்டது. நொடிக்கு 30 படம் என்றால் 60 படம் இரண்டு நொடி. கப்பல் அங்கிருந்துதான் வந்தது.

அதனால் கணக்கு இது: 3600ஐ உங்கள் நிமிட அடிகளால் வகுங்கள். வருவதுதான் உங்கள் மடங்கு. 120 அடி என்றால் 30. 112 என்றால் 32. ஆறுதலாக 100 அடி வைத்து நடப்பவர் என்றால் 36. 30 படத்தில் எடுக்கும் வீடியோவுக்கு இது. 60 படத்தில் எடுத்தால் 7200ஐ வகுக்க வேண்டும். பார்த்தவுடன் பிழையைக் கண்டுபிடிக்கவும் இதே வழி உதவும். மெதுவாக அலைந்தால் மடங்கு கொஞ்சம்தான் தவறியிருக்கிறது, ஒன்று கூட்டியோ குறைத்தோ பாருங்கள். இடமும் வலமும் துடித்தால் பாதி மடங்கில் நிற்கிறீர்கள், இரட்டிப்பாக்குங்கள். ஒழுங்கே இல்லாமல் குலுங்கினால் உங்கள் நடையே சீராக இல்லை, எந்த எண்ணும் காப்பாற்றாது.

நடையைச் சீராக்க நான் செய்தது, ஒரு காதில் மட்டும் இயர்போன் போட்டு, மெட்ரோனோம் செயலியை 120இல் ஓடவிட்டது. மற்றக் காது திறந்திருக்கட்டும், சைக்கிள் மணி கேட்க வேண்டுமே. 120 கொஞ்சம் சுறுசுறுப்பான நடை, ஆனால் அடியைச் சுருக்கினால் மூச்சு வாங்காது. எனக்கு ஒரு அடி 60 சென்டிமீட்டர் அளவில் வருகிறது.

இனி வழி. என் முதல் முயற்சி புறக்கோட்டையில். கோட்டை ரயில் நிலையத்தில் இருந்து பிரதான வீதி வழியாக, இரண்டாம் குறுக்குத் தெருவில் திரும்பி, சிவப்புப் பள்ளிவாசல் வரை. மனதில் அழகாகத்தான் ஓடியது. வந்தது என்ன தெரியுமா? கைவண்டி தள்ளும் நாட்டாமை ஒருவரின் முதுகு. அவரும் என் வேகத்திலேயே முன்னால் போனதால், படம் முழுக்க அவர் நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருந்தார். எதிரே வருகிறவர்கள் இரண்டு மூன்று படத்தில் மறைந்துவிடுவார்கள், அவர்களைப் பற்றிக் கவலையே வேண்டாம். முன்னால் அதே திசையில் போகிறவர்தான் ஆபத்து. தெரு திரும்பிய இடம் இன்னும் மோசம். இரண்டு நொடியில் உடம்பைத் திருப்பினேன், அது இரண்டே இரண்டு படம். பார்ப்பவருக்குக் கழுத்து சுளுக்கும்.

அதோடு வேகம் என்பது மடங்கு மட்டும் அல்ல. 60 சென்டிமீட்டர் அடியில் இரண்டு அடி வைத்தால் ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் 1.2 மீட்டர் பாய்ச்சல். திரையில் அது மணிக்கு 130 கிலோமீட்டர் அளவில் போவதுபோல் இருக்கும். கடைகள் இரண்டு மீட்டர் தள்ளி இருக்கும் ஒடுக்கமான தெருவில் ஒவ்வொரு பாய்ச்சலிலும் பக்கவாட்டுக் காட்சி முழுதாக மாறிவிடும், கண்ணுக்கு மின்னல்தான் தெரியும். அங்கே எடுத்தே ஆக வேண்டும் என்றால் மடங்கைக் குறைக்காதீர்கள், அது உங்கள் காலோடு கட்டப்பட்டது. அடியை அரைவாசியாகச் சுருக்குங்கள். தாளம் அதே 120, ஆனால் பூனை நடை. திருப்பத்தில் வெட்டி, அடுத்த தெருவைத் தனித் துண்டாக எடுங்கள்.

கோல்பேஸ் இதற்கெல்லாம் நேர் எதிர். கடலோர நடைபாதை அரை கிலோமீட்டர் அளவில் நேராகப் போகிறது, பக்கத்தில் எதுவும் நெருங்கி நிற்பதில்லை. தெற்கே கோல்பேஸ் ஹோட்டல் பக்கம் இருந்து வடக்கே பழைய பாராளுமன்றம் நோக்கி நடந்தால் 500 மீட்டருக்கு 7 நிமிடம் போகும், 30 மடங்கில் அது 14 நொடி. இன்ஸ்டாகிராமுக்குப் போதும். வெள்ளவத்தையில் 100 ஆம் இலக்க பஸ் ஏறினால் பக்கத்திலேயே இறங்கலாம். கடல் ஓரத் தடுப்பை ஒட்டி நடக்காதீர்கள், அது பக்கத்தில் இருப்பதால் ஓடி ஓடி எரிச்சலூட்டும். இரண்டு மூன்று மீட்டர் உள்ளே வாருங்கள்.

காலை ஆறரை எனக்குப் பிடித்த நேரம். வெயில் வலப்பக்கம் நிலத்தில் இருந்து வரும், ஏழு நிமிடத்தில் வெளிச்சம் பெரிதாக மாறாது. மாலையில் சூரியன் கடலில் இறங்குவது அழகுதான், ஆனால் வெளிச்சம் குறையக் குறைய போன் ஒவ்வொரு படத்துக்கும் கூடுதல் நேரம் எடுக்கும், அப்போது அடி வைக்கும் அதிர்ச்சி மங்கலாகப் பதியும். பட்டம் விடும் பிள்ளைகளும் இறால் வடைக் கூட்டமும் வேறு. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று அடிக்கும் காலத்தில் லென்ஸில் உப்புத் தூவல் படிந்துவிடும். பெனியன் துணி ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், சட்டையால் துடைத்தால் இழுபட்டுத்தான் போகும்.

பிடிப்பதில் பெரிய வித்தை இல்லை. போனைக் கிடையாக, இரண்டு கையாலும் நெஞ்சு உயரத்தில், முழங்கைகளை விலாவோடு ஒட்டி வையுங்கள். முழங்கால் கொஞ்சம் மடங்கி இருக்கட்டும். கிரிட் கோடுகளைப் போட்டு, கடல் அடிவானத்தை மேல் கோட்டில் வைத்து, கோட்டையில் உள்ள இரட்டைக் கோபுரங்களில் ஒன்றை நெடுக்குக் கோடு ஒன்றில் நிறுத்துங்கள். குறி தூரத்தில் இருக்க வேண்டும். பழைய பாராளுமன்றத்தைக் குறியாக வைத்தால் கிட்டப் போகப் போக அது பெருத்து கோட்டை விட்டு நழுவும். தொடங்கும் முன் திரையை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தையும் ஃபோகஸையும் பூட்டுங்கள், ஐபோனில் AE/AF LOCK என்று வரும். பூட்டாவிட்டால் ஒவ்வொரு மேகத்துக்கும் படம் கண் சிமிட்டும். ஐபோனின் டைம்லாப்ஸ் முறையைத் தொடவேண்டாம், அதில் எத்தனை படத்துக்கு ஒன்று என்பதை அதுவே முடிவு செய்யும், உங்கள் கால் அதற்குத் தெரியாது. சாதாரண வீடியோ, 4K, 30 படம். அவ்வளவுதான்.

வேகமாக்குவதைச் செயலியிலும் செய்யலாம், ஆனால் சிலவற்றில் இடைப் படங்களைக் கலந்து பேய் உருவம்போல ஆக்கும் வசதி இருக்கும், அதை நிறுத்துங்கள். கம்ப்யூட்டர் இருந்தால் ffmpeg என்ற வீடியோ நிரலில் நான் இதைத்தான் ஓடவிடுவேன்:

```
ffmpeg -i nadai.mp4 -vf "select='not(mod(n-8,30))',setpts=N/(30*TB)" -r 30 -an out.mp4
```

30 என்பது மடங்கு, `mod`க்குள் இருப்பதை மட்டும் மாற்றுங்கள். 8 என்பது எந்தப் படத்தில் தொடங்குவது என்பது. அதை 0, 4, 8, 12 என்று மாற்றி நாலைந்து முறை ஓட்டிப் பாருங்கள். குதிகால் தரையில் மோதும் கணத்தில் விழுந்தால் எல்லாப் படமும் ஒரேயடியாக மங்கலாக இருக்கும். ஒரு கால் நிமிர்ந்து நிற்கும் கணத்தில் விழுந்தால் எல்லாமே கூர்மை. ஒரே வீடியோ, ஒரே மடங்கு, இந்த ஓர் எண்ணால் இரண்டு வேறு போனில் எடுத்ததுபோல மாறும். எனக்கே முதல் முறை நம்ப முடியவில்லை.

மிச்சம் இருக்கும் சின்ன நடுக்கத்துக்கு ஸ்டெபிலைசர் போடலாம், ஆனால் வேகமாக்கிய வீடியோவை எக்ஸ்போர்ட் செய்து திரும்ப எடுத்த பிறகு. முதலிலேயே போட்டால் அது நடையின் ஆட்டத்தைத்தான் மழுப்பும், படத்துக்குப் படம் உள்ள பாய்ச்சலை அது பார்க்கவே இல்லை. ஓரங்களை வெட்டும், அதற்காகத்தான் 4K. கடைசியில் 1080இல் வெளியே எடுத்தால் இழப்பு தெரியாது.

இன்னொன்று, நடைபாதையின் வடக்கு முனையில் இருக்கும் அந்தப் பழைய பாராளுமன்றம்தான் இப்போது ஜனாதிபதி செயலகம், காவல் இருக்கும். போனை உயர்த்திக்கொண்டு நேராக அதை நோக்கிப் போனால் கேள்வி வரும். நான் முனைக்கு ஐம்பது அறுபது மீட்டர் முன்னாலேயே நிறுத்திவிட்டு, இறக்கி, திரும்பி நடந்துவிடுவேன். 14 நொடியில் அது ஒன்றரை நொடிதான்.