தோசை பிய்ந்த இடத்திலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். இரும்பு தோசைக்கல் அதிகம் விற்கும். கல்லைப் பழக்குவது எப்படி என்று யூடியூப் ஷார்ட்ஸில் 40 வினாடி வீடியோக்கள் போடுகிறேன். முழுதாகப் பார்த்தவர்கள் பயனுள்ளது என்று எழுதுகிறார்கள். ஆனால் பத்துப் பேரில் ஆறு பேர் தொடங்கியதுமே தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள். முதல் மூன்று வினாடியில் என்ன வைத்தால் நிற்பார்கள்?

பதில்: நீங்கள் அனுப்பிய மூன்று வீடியோக்களையும் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தேன். மூன்றும் ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன. கடையின் பெயர் சுழன்று வந்து நிற்க ஒன்றரை வினாடி. பிறகு நீங்கள் கைகூப்பி, “வணக்கம், எங்கள் கடைக்கு உங்களை அன்போடு வரவேற்கிறோம்” என்கிறீர்கள். அதற்கு மூன்று வினாடிக்கு மேல். ‘தோசைக்கல்’ என்ற சொல் காதில் விழுவது ஆறாவது வினாடியில். போன ஆறு பேரும் உங்கள் குறிப்பு பிடிக்காமல் போனவர்கள் அல்ல. இது தோசைக்கல்லைப் பற்றிய வீடியோ என்றே அவர்களுக்குத் தெரியாது.

கடையில் அந்த வணக்கம் சரி. படியேறி வந்தவர் ஏதோ வாங்க வந்தவர். ஷார்ட்ஸ் பார்ப்பவரோ பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து உங்கள் கடையைக் கடந்து போகிறவர். அவர் கண்ணில் படுவது பெயர்ப்பலகையா, அடுப்பில் புகையும் கல்லா என்பதுதான் கேள்வி. பெயரை எடுத்துவிடச் சொன்னால் மனம் வராது, தெரியும். கல்லின் கைப்பிடியில் கடைப்பெயரைப் பொறித்துவிடுங்கள். வீடியோ முழுக்கத் தெரிந்துகொண்டே இருக்கும்.

மூன்று வினாடியில் எவ்வளவு பேச முடியும்? தமிழ்ச் சொற்கள் நீளமானவை. தெளிவாகச் சொன்னால் ஆறு, ஏழு சொற்கள்தான் அடங்கும். அதோடு நம் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. “புதிதாக வாங்கிய இரும்புக் கல்லில் தோசை ஒட்டாமல் வருவதற்கு என்ன செய்ய வேண்டும் என்று பார்க்கலாம்” என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் குறையில்லை. வீடியோவில் இதைச் சொல்லி முடிப்பதற்குள் ஐந்து வினாடி போய்விடும். அதுவரை கேட்பவர் காத்திருக்க வேண்டும். அதனால் முதல் வாக்கியத்தில் வினையே வேண்டாம் என்பேன். வினையைப் படம் காட்டட்டும், வாய் பெயர்ச்சொல்லை மட்டும் சொல்லட்டும். வினையில்லாமலே வாக்கியம் முழுமையாக நிற்பது தமிழில் இயல்பு. நமக்குக் கிடைத்திருக்கும் வசதி அது.

உங்கள் வீடியோவையே இப்படி மாற்றிப் பார்ப்போம். முதல் பிரேமிலேயே தோசைத்திருப்பி தோசைக்கு அடியில் பாதி நுழைந்திருக்கிறது, தோசை பிய்ந்துகொண்டிருக்கிறது. மாவு ஊற்றுவதோ அடுப்பைப் பற்றவைப்பதோ வேண்டாம். செயலின் நடுவில் தொடங்க வேண்டும். இரும்பில் இரும்பு உரசும் கரகர ஒலி அப்படியே கேட்கட்டும், அதன்மேல் பாட்டுப் போடாதீர்கள். உங்கள் குரல்: “முதல் நாள்.” ஒன்றேகால் வினாடியில் வெட்டு. அதே கல், அதே கோணம்; தோசையின் ஓரம் தானாக எழும்பி நிற்கிறது, ஒரு தள்ளில் முழுதாகக் கழன்று வருகிறது. “மூன்றாம் நாள்.” மறுபடி வெட்டு. எண்ணெய்க் கறை படிந்த பழைய பருத்தித் துணி ஒன்று உங்கள் கையில். “நடுவில் இந்தத் துணி.” மொத்தம் ஏழு சொற்கள், மூன்று வினாடி.

இந்த அமைப்புக்கு ‘விளைவு முன்னால், காரணம் பின்னால்’ என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். இது வேலை செய்வதற்குக் காரணம் தோசை பிய்வதல்ல, துணி. பிய்ந்த தோசையைக் கண்டதும், தன் வீட்டிலும் அப்படி நடப்பவர் விரலை நிறுத்துவார். ஆனால் ஒரு கணம்தான். கல் பழக எண்ணெய் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். துணி எப்படி அதைச் செய்யும் என்ற இடத்தில்தான் அவருக்குத் தடை விழுகிறது. விடையும் உங்கள் தொழிலுக்குள்ளேயே இருக்கிறது. எண்ணெய் தடவியபின், ஒன்றுமே மிச்சமில்லை என்று தோன்றும் அளவுக்குத் துணியால் துடைத்துவிட்டு, புகை வரும்வரை காய்ச்ச வேண்டும். மெல்லிய படலம் மட்டும் கல்லில் இறுகும். அதிகம் விட்டால் பிசுபிசுப்பாகி, தோசை இன்னும் மோசமாக ஒட்டும். இந்த விடையை ஏழாவது, எட்டாவது வினாடிக்குள் தொடங்கிவிடுங்கள். முப்பதாவது வினாடிவரை இழுத்தால், நின்றவரும் ஏமாற்றப்பட்டதாக நினைத்துப் போவார்.

இதைப் படமெடுக்கும்போது இரண்டு இடங்களில் தவறு வரும். ஒன்று, பிய்வதுபோல் நடிப்பது. தோசை சுடத் தெரிந்தவர் கண்ணுக்கு அது உடனே தெரியும். அதற்குத் தேவையும் இல்லை. பழகாத கல் தானாகவே பிய்த்துக் கொடுக்கும். முதல் நாளே கேமராவை வைத்துவிடுங்கள், மூன்றாம் நாள் வரும்போது அதே உயரம், அதே வெளிச்சம் இருக்கும்படி அடுப்படியில் ஓர் அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள். கோணம் மாறினால் இரண்டு கல் என்று சந்தேகப்படுவார்கள். இன்னொன்று, பேசுவதற்குமுன் வரும் மூச்சு. பொத்தானை அழுத்தி, மூச்சை இழுத்து, பிறகு பேசுவோம். அரை வினாடி வீண். வினாடிக்கு 30 பிரேம் என்றால் மூன்று வினாடிக்கு 90 பிரேம். அதில் 15 மூச்சுக்கே போய்விடுகிறது. எடிட்டிங்கில் ஒலி அலை எழும்பும் இடத்தைப் பார்த்து, அதற்கு இரண்டு, மூன்று பிரேம் முன்னால் வரை வெட்டிவிடுங்கள். கறுப்புத் திரையிலிருந்து மெல்ல விரியும் தொடக்கமும் இதே இழப்புதான்.

திரையில் எழுத்து வேண்டுமா என்றால், வேண்டும். ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் குரல் சொல்வதையே எழுத்தும் சொல்லட்டும். குரல் ஒன்று, எழுத்து வேறொன்று என்றால் மூன்று வினாடியில் இரண்டும் மனத்தில் தங்காது. நான்கு சொற்களுக்கு மேல் போகாதீர்கள். 1080-க்கு 1920 அளவுள்ள திரையில் கீழ்ப்பகுதியைத் தலைப்பும் சேனல் பெயரும் மறைக்கும், வலது ஓரத்தைப் பொத்தான்கள் மறைக்கும். எழுத்தை நடுவுக்குச் சற்று மேலே, இடப்பக்கம் தள்ளி வையுங்கள். உங்கள் இரண்டாவது வீடியோவில் ‘ஒட்டாத தோசை’ என்ற எழுத்து பாதி தலைப்புக்கு அடியில் போய்விட்டது, ‘ஒட்டாத’ மட்டும்தான் படிக்க முடிந்தது.

எல்லா வீடியோவையும் பிய்ந்த தோசையில் தொடங்க முடியாது. வேறு இரண்டு அமைப்புகளும் உங்கள் தொழிலுக்குப் பொருந்தும்.

ஒன்று, பார்ப்பவரின் கையைப் பிடித்து நிறுத்துவது. புதுக் கல்லில் ஒருவர் தாராளமாக எண்ணெய் ஊற்றுகிறார், இன்னொரு கை குறுக்கே வந்து தடுக்கிறது: “இவ்வளவு எண்ணெயா?” அந்தத் தவறை நிறையப் பேர் உண்மையிலேயே செய்பவர்களாக இருந்தால் மட்டுமே இது பிடிக்கும். “இந்த ஒரு தவறைச் செய்யாதீர்கள்” என்று மொட்டையாகத் தொடங்குவதை விட்டுவிடுங்கள். ‘இந்த’ என்ற சொல்லுக்குள் எல்லாவற்றையும் ஒளித்தால், தோசையா, வரிக்கணக்கா, தலைமுடியா என்றே தெரியாது. சிக்கலைப் பெயர் சொல்லிக் காட்ட வேண்டும். காரணத்தை மட்டும் கொஞ்ச நேரம் கையில் வைத்திருக்கலாம்.

மற்றொன்று, பார்ப்பவரை ஒரு பக்கம் சேரவைப்பது. இரண்டு அடுப்பில் இரண்டு கல். தண்ணீர் தெளிக்கிறீர்கள். ஒன்றில் நீர் நின்று கொதித்து வற்றுகிறது, மற்றதில் முத்துமுத்தாக உருண்டு ஓடுகிறது. “மாவை எதில் ஊற்றுவீர்கள்?” பலர் உருளும் கல்லைத்தான் மனத்துக்குள் சொல்வார்கள். அந்தச் சூட்டில் மாவு பரவாமல் கரண்டியோடு சுருண்டுகொள்ளும் என்பது உங்களுக்குத் தெரியும். தண்ணீர் தெளித்துத் துடைத்துச் சூட்டைத் தணித்த பிறகே ஊற்றுவீர்கள். ஒரு விடையை மனத்துக்குள் சொல்லிவிட்டவர் அது சரியா என்று பார்க்காமல் போகமாட்டார். விடை எல்லோரும் நினைத்ததாகவே இருந்தால் இந்த அமைப்பு சப்பென்று போய்விடும், அப்போது வேண்டாம்.

இனி, மாற்றியது பலித்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பார்வை எண்ணிக்கையை நம்பாதீர்கள். 2025 மார்ச் 31 முதல் யூடியூப், ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை என்று எண்ணுகிறது. தள்ளிவிட்டவரும் அந்தக் கணக்கில் வந்துவிடுவார். நீங்கள் பார்க்க வேண்டியது, யூடியூப் ஸ்டுடியோ பக்கத்தில் ‘நின்று பார்த்தவர்’, ‘தள்ளிவிட்டவர்’ என்று பிரித்துக் காட்டும் சதவீதமும், எந்த வினாடிவரை எத்தனை பேர் தங்கினார்கள் என்று காட்டும் தங்கல் வரைபடமும்தான். சதவீதமே குறைவாக இருந்தால் தவறு முதல் பிரேமிலும் முதல் சொல்லிலும் இருக்கிறது. சதவீதம் நன்றாக இருந்து, வரைபடம் ஐந்தாவது வினாடியில் படிபோல் இறங்கினால் தொடக்கம் வேலை செய்திருக்கிறது. அதில் சொன்னதை உடனே கொடுக்கவில்லை என்று பொருள். இரண்டாவது வகைக் குறையை, தொடக்கத்தை இன்னும் பரபரப்பாக்கிச் சரிசெய்யப் பார்ப்பவர்கள் உண்டு. இறக்கம் அதிகமாகும், அவ்வளவுதான்.

அடுத்தவர் சேனல் எண்ணோடு ஒப்பிட வேண்டாம்; சமையல் வீடியோவும் நகைச்சுவை வீடியோவும் ஒரே தராசில் நிற்பதில்லை. உங்கள் பழைய பத்து வீடியோக்களின் சதவீதத்தை ஒரு நோட்டில் எழுதிவைத்து அதோடு மட்டும் ஒப்பிடுங்கள். ஒரு வீடியோவில் முடிவெடுக்காமல், ஒரே அமைப்பில் நான்கைந்து போட்டுப் பாருங்கள். இன்ஸ்டாகிராமிலும் போடுகிறீர்கள் என்றால், உங்களைப் பின்தொடராதவர்களுக்கு மட்டும் முதலில் காட்டும் சோதனை ரீல்ஸ் வசதி உங்கள் கணக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே உங்களைத் தெரிந்தவர் வணக்கத்தையும் பொறுத்துக்கொள்வார், தெரியாதவர்தான் சரியான சோதனை.

அடுத்த வாரம் பணியாரக்கல் வீடியோ எடுக்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். குழியில் பாதி உடைந்து, பாதி ஒட்டிக்கொண்ட பணியாரம் ஒன்று போதும். கம்பியை அதில் குத்திய நிலையில் கேமராவை ஓடவிடுங்கள்.