நாலு மணிக்கு வந்த வண்டி

*காரைக்குடியில் ஒரு பலகாரக் கடையில் ஆர்டர் கணக்கு பார்க்கிறேன். சென்னையில் ஒரு வீட்டு விசேஷத்துக்கு அனுப்பிய 40 பாக்கெட் கைமுறுக்கில் 14 பாக்கெட் மூன்றாம் நாளே நமுத்துப்போனதாகப் புகார். மேனேஜர் காரணம் கேட்டுக் குறிப்பு எழுதச் சொன்னார். அன்று வண்டி ஏழு மணிக்குப் பதில் நாலு மணிக்கே வந்துவிட்டதால் எல்லாம் அவசரம். 'பேக்கிங்கில் பணியாளர் கவனக்குறைவு' என்று எழுதிக் கொடுத்தேன். பேக்கிங் பார்த்தது என் சித்தி. இந்த வேலையில் என்னைச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். இப்போது அவரை நிறுத்தப் போகிறார்களாம். என்னோடு பேச்சே இல்லை. வாடிக்கையாளருக்கு என்ன பதில் எழுதுவது? சித்தியை எப்படிச் சமாதானப்படுத்துவது?*
*— வாசகி, காரைக்குடி*

வண்டி நாலு மணிக்கே வந்ததை எனக்கு எழுதத் தெரிந்த உங்களுக்கு மேனேஜருக்கு எழுதத் தெரியவில்லையா, தங்கச்சி? காரணம் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டு, எதிர்த்துக் கேட்க மாட்டார் என்று தெரிந்த ஒருவர் தலையில் பழியைக் கட்டியிருக்கிறீர்கள். அவர் உங்கள் சித்தியாக இல்லாமல் யாரோ ஒருவராக இருந்தாலும் இது தப்புத்தான். சித்தி என்பதால் இரண்டு தப்பு.

'கவனக்குறைவு' என்பது காரணமே இல்லை. அதை எழுதியதும் விசாரணை நின்றுபோகிறது. நாளைக்கு வேறொருவர் அந்த இடத்தில் உட்கார்ந்து, அதே மாதிரி வண்டி முன்னாலேயே வந்து நின்றால், அவர் கட்டுவதும் நமுத்துத்தான் போகும்.

40-ல் 14 என்ற கணக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டின் பேட்ச் எண்ணையும் அடுப்படி நோட்டையும் பக்கத்தில் வைத்து, அந்த 14-ம் எந்த ஈட்டில் சுட்டவை என்று பாருங்கள். சீல் சரியாக ஒட்டாதது காரணம் என்றால், கெட்டவை எல்லா ஈட்டிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும். கவரைத் தண்ணீருக்குள் அமுக்கினால் குமிழி வரும். வேக்காடு போதாதது காரணம் என்றால், அதே ஈட்டில் கடையில் விற்க எடுத்து வைத்த முறுக்கும் உள்ளே மெத்தென்று இருக்கும். இரண்டும் இல்லாமல், 14-ம் கடைசியாக எண்ணெயிலிருந்து எடுத்தவையாகவே இருந்து, கடையில் ஆறிய பிறகு கட்டியவை மொறுமொறுப்பாக இருந்தால், சூட்டோடு கட்டியதுதான் காரணம். உங்கள் கடிதத்தைப் படித்தால் எனக்கு இதுதான் படுகிறது. ஆனால் நான் நினைப்பதைக் குறிப்பில் எழுதாதீர்கள். நோட்டைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

வாடிக்கையாளர் சொன்ன வார்த்தையையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். 'கெட்டுப்போச்சு' என்று நீங்களாக மாற்றிவிட்டால் போச்சு. நமுத்தது என்றால் ஈரம் தேட வேண்டும், சிக்கு வாடை என்றால் எண்ணெயைத் தேட வேண்டும். இரண்டும் வேறு வேறு வழி.

எண்ணெயிலிருந்து எடுத்த முறுக்கு மேலே சீக்கிரம் ஆறிவிடும், உள்சுற்றில் சூடு நிற்கும். தட்டில் குவித்து வைத்திருந்தால் குவியலின் நடு இன்னும் நேரம் பிடிக்கும். புறங்கையை உள்ளே விட்டால் வெதுவெதுப்புத் தெரியும். அந்த நிலையில் சீல் வைத்தால் வெளியே போக வேண்டிய ஆவி கவருக்குள் மாட்டிக்கொண்டு, கவர் குளிர்ந்ததும் உள்பக்கம் பனி மாதிரிப் படியும். அந்த ஈரத்தை முறுக்கே திரும்பக் குடித்துவிடும். சென்னையில் கவரைப் பிரிக்கும்போது பனி இருக்காது, நமுத்த முறுக்குத்தான் இருக்கும். அதனால்தான் புகார் வந்தபின் கவரை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க முடிவதில்லை.

இதை நிரூபிக்க இரண்டு பாக்கெட் போதும். நாளைக்கு ஒரே ஈட்டில் ஒரு பாக்கெட்டைச் சூட்டோடு சீல் வையுங்கள். இன்னொன்றை ஒரே அடுக்காகப் பரப்பி, நன்றாக ஆறவிட்டு வையுங்கள். அரை மணி கழித்து முதல் கவரின் உள்பக்கத்தைப் பாருங்கள். மூன்றாம் நாள் இரண்டையும் பிரித்து மேனேஜர் கையில் ஒவ்வொரு முறுக்கு கொடுங்கள். நீங்கள் பேசவே வேண்டாம்.

இனி குறிப்பு. டொயோட்டா தொழிற்சாலையில் வளர்ந்த 'ஐந்து ஏன்' முறைதான் இதற்கும். ஏன் நமுத்தது? கவருக்குள் ஈரம். ஏன் ஈரம்? ஆறுவதற்குள் சீல். ஏன் ஆறவில்லை? வண்டி மூன்று மணி நேரம் முன்னால் வந்தது. ஏன் முன்னால் வந்தது? ஏற்றும் நேரம் மாற்றப்பட்டது, அடுப்படிக்குத் தகவல் போகவில்லை. தகவல் இல்லாமல் வந்த வண்டியை ஏன் நிறுத்தி வைக்கவில்லை? நிறுத்தச் சொல்லும் அதிகாரம் பேக்கிங் பார்ப்பவருக்குக் கொடுக்கப்படவில்லை. இங்கே நிறுத்துங்கள். இதற்குமேல் போனால் மேனேஜரால் சரிசெய்ய முடியாத இடத்துக்குப் போய்விடுவீர்கள்.

நேரத்தை மாற்றியது மேனேஜரே என்றால்? அப்போதும் எழுதத்தான் வேண்டும். யார் பெயரும் வேண்டாம். நேரமும் நடந்ததும் போதும். சம்பளம் வாங்கும் இடத்தில் உள்ளதைச் சொல்வது துரோகம் இல்லை, அதற்குத்தான் சம்பளம். உறுதியானவற்றை ஒரு பத்தியிலும், இன்னும் பார்க்க வேண்டியவற்றைத் தனியாகவும் வையுங்கள். கடைசியில் மாற்றத்தை எழுதுங்கள்: ஒவ்வொரு தட்டிலும் எண்ணெயிலிருந்து எடுத்த நேரத்தைச் சீட்டில் எழுதி வைப்பது; வண்டி நேரம் மாறினால் அடுப்படியில் கேட்காமல் ஒப்புக்கொள்ளாதது; குவியலின் நடுவில் வெதுவெதுப்பு இருந்தால் பேக்கிங் பார்ப்பவரே வண்டியை நிறுத்தி வைக்கலாம் என்பது. அடுத்த பத்து ஆர்டரிலும் கடைசி ஈட்டில் ஒரு பாக்கெட்டை நிறுத்தி, மூன்றாம் நாள் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆறட்டும் என்று ராத்திரி முழுக்கத் திறந்து போடும் யோசனை வந்தால் மறுத்துவிடுங்கள். காற்றிலுள்ள ஈரத்திலேயே நமுத்துவிடும்.

வாடிக்கையாளருக்கு இந்தக் குறிப்பை அனுப்பக் கூடாது. ஆனால் பதில் இதிலிருந்துதான் பிறக்கும். பழைய குறிப்பை வைத்துக்கொண்டு 'இனி கவனமாக இருப்போம்' என்பதைத் தவிர உங்களால் என்ன எழுத முடியும்? காரணம் உறுதியானதும் இப்படி எழுதலாம்:

"ஐயா, விசேஷ வீட்டில் நமுத்த முறுக்கை வைக்கும்படி ஆனதற்கு வருந்துகிறோம். தாங்கள் சொன்ன 14 பாக்கெட்டும் அன்று கடைசியாகச் சுட்டவை. முழுதாக ஆறுவதற்கு முன் கட்டியதால் உள்ளே ஈரம் தங்கிவிட்டது. தவறு எங்களுடையது. அந்த 14-க்கும் பதில் பாக்கெட் அனுப்புவதா, பணத்தைத் திருப்புவதா என்று தாங்களே சொல்லுங்கள். இனி ஆறியதா என்று தட்டு தட்டாகப் பார்த்த பிறகே வண்டியில் ஏற்றுவோம்."

வண்டி வந்த கதை அதில் வேண்டாம். உங்களுக்கு அது காரணம், அவர்களுக்குச் சாக்கு. மற்ற 26 பாக்கெட் நன்றாக இருந்ததே என்று ஒரு வரி சேர்க்கவும் ஆசை வரும். சேர்க்காதீர்கள்.

சித்தியைச் சமாதானப்படுத்தக் கேட்டீர்கள். சேலையும் பழமும் வாங்கிக்கொண்டு போய் நிற்காதீர்கள். முதலில், இன்றைக்கே மேனேஜரிடம் போய் "நான் எழுதியது தப்பு, திருத்தித் தருகிறேன், அதுவரை யாரையும் நிறுத்த வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு வெள்ளைத்தாளோடு சித்தியிடம் போங்கள். கடைசித் தட்டு எத்தனை மணிக்கு இறங்கியது, வண்டிக்காரர் என்ன சொல்லி அவசரப்படுத்தினார், "இன்னும் ஆறலை" என்று அவர் யாரிடமாவது சொன்னாரா என்று கேளுங்கள். முதல் குறிப்பு எழுதும் முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இவை. அவர் சொல்லச் சொல்ல, அவர் கண்ணெதிரே எழுதுங்கள்.