சேல்ஸ் ஹெட் போட்டி கம்பெனிக்குப் போகிறார்: கார்டன் லீவ் அவரைத் தடுக்குமா?

கேள்வி: கோவையில் பம்ப் செட் தயாரிக்கிறோம். எங்கள் சேல்ஸ் ஹெட் ஜூன் 2 அன்று ராஜினாமா மெயில் அனுப்பிவிட்டார். போவது நேர் போட்டியாளரிடம். டீலர் பட்டியல், தள்ளுபடி விகிதம், அடுத்த சீசன் விலை எல்லாமே அவர் தலைக்குள் இருக்கிறது. அவருடைய அப்பாயிண்ட்மெண்ட் ஆர்டரில், 'இரு தரப்பில் யார் விலகினாலும் 90 நாள் நோட்டீஸ் அல்லது அதற்கு ஈடான சம்பளம்', 'ரிலீவ் ஆன பிறகு 3 மாதம் கார்டன் லீவ், அடிப்படைச் சம்பளம் தரப்படும்', 'விட்டுப் போன பின் ஒரு வருடம் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது' என்று மூன்று ஷரத்துகள் இருக்கின்றன. இவற்றை வைத்து அவரைத் தடுக்க முடியுமா? அடுத்து வருபவருக்கு எப்படி எழுத வேண்டும்?

பதில்: மூன்றில் இரண்டை நீங்கள் மறந்துவிடலாம். மீதமுள்ள ஒன்றிலும் 'அல்லது' என்ற சொல் உங்களுக்கு எதிராக நிற்கிறது. காரணத்தைச் சொல்கிறேன். அது புரிந்தால் அடுத்தவருக்கு எப்படி எழுதுவது என்பதும் புரிந்துவிடும்.

1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. தொழிலை அதன் நற்பெயரோடு சேர்த்து விற்பவருக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. தடை நியாயமான அளவில்தானே இருக்கிறது, ஒரு வருடம்தானே என்ற வாதத்துக்கு இங்கிலாந்தில் இடம் உண்டு. நம் ஊரில், வேலை முடிந்த பிறகு தொடரும் தடைக்கு அந்த வாதம் எடுபடுவதில்லை. ஆனால் வேலையில் இருக்கும்போது வேறு இடத்தில் வேலை பார்க்காதே என்று சொல்வது வேறு விஷயம். 1967-ல் நிரஞ்சன் சங்கர் கோலிகரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கியது. 5 வருட ஒப்பந்தத்தில் இருந்த ஒரு ஷிஃப்ட் சூப்பர்வைசர் பாதியில் விலகி இன்னொரு ரேயான் கம்பெனியில் சேர்ந்தார். மிச்சமிருந்த ஒப்பந்தக் காலத்துக்கு அவர் மீது விதித்த தடை செல்லும் என்றது நீதிமன்றம். தடை மிகக் கொடுமையாகவோ முழுக்க ஒருதலைப்பட்சமாகவோ இருந்தால் மட்டும் கதை மாறும்.

ஆக, எல்லாமே ஒரு தேதியைச் சுற்றித்தான்: வேலை உறவு சட்டப்படி எந்த நாளில் முடிகிறது? அதற்கு முன்னால் இருக்கும் தடை பெரும்பாலும் நிற்கும், பின்னால் இருப்பது விழும். உங்கள் ஒரு வருடத் தடை அந்தத் தேதிக்குப் பின்னால் இருக்கிறது, அதனால் விழுகிறது.

கார்டன் லீவ், அதாவது சம்பளம் கொடுத்து வேலைக்கு வரவிடாமல் வீட்டில் உட்கார வைக்கும் ஷரத்தையும் பாருங்கள். 'ரிலீவ் ஆன பிறகு' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வார்த்தையே ஷரத்தைக் கொன்றுவிட்டது. கிட்டத்தட்ட இதே சிக்கல் வி.எஃப்.எஸ். குளோபல் நிறுவனம் தன் முன்னாள் உயர் அதிகாரி மீது பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தொடர்ந்த வழக்கில், 2007-ல் வந்தது. வேலை முடிந்த பின் 3 மாத கார்டன் லீவ், அதற்குப் பணமும் உண்டு என்று ஷரத்து சொன்னது. பணம் கொடுப்பதால் முடிந்துபோன வேலை ஒப்பந்தம் உயிர்பெற்றுவிடாது, இது தொழில் தடைதான் என்பது நீதிமன்றத்தின் பார்வை. 'சம்பளம் கொடுத்துத்தானே சும்மா உட்கார வைக்கிறேன்' என்று என்னிடம் வரும் பல முதலாளிகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நீதிமன்றம் முதலில் பார்ப்பது, அந்தக் காலத்தில் அவர் உங்கள் ஊழியரா இல்லையா என்பதைத்தான்.

இனி மிச்சமுள்ள 90 நாள் நோட்டீஸ். ஜூன் 2-லிருந்து எண்ணினால் ஆகஸ்ட் 31 வரை அவர் உங்கள் ஊழியர். இது உறுதியான நிலம். ஆனால் 'அல்லது அதற்கு ஈடான சம்பளம்' என்று எழுதி, அந்த உரிமையை இரு தரப்புக்கும் கொடுத்திருக்கிறீர்கள். அவருடைய மாதச் சம்பளம் 3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 9 லட்சத்துக்கு டிடி எடுத்து உங்கள் மேசையில் வைத்துவிட்டு அடுத்த வாரமே அவர் அங்கே சேரலாம். அந்த 9 லட்சத்தைப் பெரும்பாலும் புது கம்பெனியே கொடுத்துவிடும். ஒரு சீசனின் விலைப் பட்டியலை அறிந்த ஆளுக்கு அது மலிவு. மூத்த பதவிகளின் ஒப்பந்தங்களில் நான் அதிகம் பார்க்கும் ஓட்டை இதுதான். ஜூனியர் ஊழியருக்காக அடித்த அதே ஆர்டரில் பெயரையும் சம்பளத்தையும் மட்டும் மாற்றிக் கொடுத்திருப்பார்கள்.

அடுத்தவருக்கு எழுதும்போது, நோட்டீஸுக்கு ஈடாகச் சம்பளம் கொடுத்து உறவை முடிக்கும் உரிமை கம்பெனிக்கு மட்டுமே என்று எழுதுங்கள். ஊழியர் பணம் கட்டி முன்கூட்டிப் போக விரும்பினால் கம்பெனியின் எழுத்துபூர்வச் சம்மதம் வேண்டும் என்றும் சேருங்கள். மாதம் 3 லட்சம் வாங்கும், பேரம் பேசத் தெரிந்த அதிகாரிக்கு இது கொடுமையான ஷரத்து என்று வாதிடுவது கடினம். அதற்காக நோட்டீஸை ஒரு வருடமாக்கி, அதற்குள் கார்டன் லீவை நுழைத்துவிடலாம் என்று ஆசைப்படாதீர்கள். மேலே சொன்ன கொடுமை, ஒருதலைப்பட்சம் என்ற வாதத்துக்கு நீங்களே கதவைத் திறந்துவிடுகிறீர்கள். விலையும் தள்ளுபடியும் இரண்டு மூன்று மாதத்தில் பழசாகிவிடும் தொழிலில் 90 நாளுக்கு மேல் கேட்பதற்கு உங்களிடம் பதிலும் இருக்காது.

அப்புறம், கார்டன் லீவை நோட்டீஸுக்குப் பின்னால் தனியாக வைக்காமல் நோட்டீஸுக்குள்ளேயே வையுங்கள். பொருள் இப்படி வர வேண்டும்: நோட்டீஸ் காலத்தின் முழுவதையோ ஒரு பகுதியையோ அலுவலகம் வராமல் கழிக்கும்படி கம்பெனி சொல்லலாம்; அப்போதும் வேலை ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்; முழுச் சம்பளமும் சலுகைகளும் தொடரும்; ஊழியர் வேறு எங்கும் வேலை பார்க்கக் கூடாது, வாடிக்கையாளர்களையும் டீலர்களையும் தொழில் விஷயமாகத் தொடர்புகொள்ளக் கூடாது, கூப்பிட்டால் ஒப்படைப்புக்கு உதவ வேண்டும். 'சொல்லலாம்' என்பதைக் கவனியுங்கள். 'அனுப்ப வேண்டும்' என்று எழுதிவிட்டால், ஒப்படைப்புக்காக அவரை 30 நாள் வைத்துக்கொள்ள நினைத்தாலும் முடியாது. இந்த ஷரத்தே இல்லாமல் சம்பளத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவதும் ஆபத்து. தன் திறமையைப் பயன்படுத்தி வேலை பார்க்கும் உரிமை மூத்த ஊழியருக்கு இருக்கலாம், அதை எடுப்பதற்கு ஷரத்து வேண்டும் என்று 1998-ல் வில்லியம் ஹில் நிறுவனத்தின் வழக்கில் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அங்கே அந்த நிறுவனம் தோற்றது.

சம்பளத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். நீங்கள் அடிப்படைச் சம்பளம் மட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். 3 லட்சத்தில் அடிப்படை ஒன்றரை லட்சம் என்றால், 60 நாள் கார்டன் லீவில் நீங்கள் மிச்சம் பிடிப்பது 3 லட்சம். ஆனால் அதற்காகத் தடையையே இழக்கலாம். ஒருவர் செய்யக் கூடாததைத் தடுக்கும் உத்தரவு கேட்கும்போது, தன் பங்கை நிறைவேற்றத் தவறிய தரப்புக்கு அதைத் தர முடியாது என்று ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் 42-வது பிரிவு நிபந்தனை வைக்கிறது. படி, கார், பி.எஃப். எல்லாம் ஓடிக்கொண்டிருக்கட்டும். இன்சென்டிவ் உண்டா, எப்படிக் கணக்கிடுவது என்பதையும் முன்பே எழுதிவிடுங்கள். சண்டை பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும்.

'லீவ்' என்ற சொல்லே ஒரு தொல்லை. கார்டன் லீவில் அனுப்பியதும் சம்பளப் பிரிவு அவருடைய சேமிப்பு விடுப்பிலிருந்து நாட்களைக் கழித்துவிட்ட கூத்தைப் பார்த்திருக்கிறேன். இது விடுப்புக் கணக்கில் சேராது என்று ஒரு வரி போதும். அதே ஆங்கிலச் சொல் 'விட்டுப் போவது' என்ற பொருளில் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1980-ல் முடிந்த கிருஷண் முர்காய் வழக்கில், கம்பெனியை 'விட்ட' பிறகு 2 வருடம் போட்டித் தொழில் கூடாது என்று ஷரத்து இருந்தது. ஆனால் அவரை கம்பெனியேதான் வேலையிலிருந்து நீக்கியிருந்தது. தானாக விட்டுப் போனால்தான் அந்தச் சொல் பொருந்தும், நீக்கப்பட்டவருக்குப் பொருந்தாது என்று இரண்டு நீதிபதிகள் முடிவு செய்தார்கள். மூன்றாமவர் 27-வது பிரிவின்படியே தடை செல்லாது என்றார். எனவே ராஜினாமா, நீக்கம் இரண்டிலும் நோட்டீஸ் ஓடும் வரை கார்டன் லீவ் பொருந்தும் என்று விரித்தே எழுதுங்கள்.

ஷரத்து சரியாக இருந்தும் ஆபீஸ் நடைமுறையில் கெட்டுப்போவதும் உண்டு. என் கட்சிக்காரர் ஒருவர், பெயர் வேண்டாம், ஒப்பந்தத்தை அழகாக எழுதியிருந்தார். கார்டன் லீவ் தொடங்கிய அன்றே எச்.ஆர். வழக்கமான பழக்கத்தில் ரிலீவிங் லெட்டர் கொடுத்து, கணக்கையும் முடித்து, பி.எஃப். தளத்தில் விலகிய தேதியையும் பதிந்துவிட்டார். 'இன்று முதல் விடுவிக்கப்படுகிறீர்கள்' என்ற கடிதத்தைக் கையில் வைத்திருப்பவரை இன்னும் நம் ஊழியர் என்று நான் எப்படி வாதிடுவது? லேப்டாப்பையும் மெயிலையும் முதல் நாளே வாங்கிக்கொள்ளுங்கள், அதில் தவறில்லை. கடிதமும் கணக்கும் பி.எஃப். தேதியும் கடைசி நாளில்தான்.

ரகசியக் காப்பு ஷரத்து தனியாக இருக்கட்டும். வேலை முடிந்த பிறகும் அது தொடரலாம். ஆனால் அது தகவலைக் காக்குமே தவிர, அவரை அங்கே சேரவிடாமல் செய்யாது. 'கம்பெனி சம்பந்தமான எல்லாத் தகவலும்' என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், டீலர் வாரியான தள்ளுபடி, வெளிவராத விலைப் பட்டியல், வார்ப்பு விவரம் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். ஒரு டீலரின் போன் நம்பர் அவருக்குத் தெரியும் என்பது ரகசியம் ஆகாது.

இப்போது போகிறவருக்கு வருவோம். போட்டி நிறுவனத்துக்கு மிரட்டல் கடிதம் அனுப்ப வேண்டாம். ஒரு வருடத் தடையைக் காட்டி எழுதினால், அவர்கள் வக்கீல் இரண்டு வரியில் பதில் எழுதிவிடுவார். அவர் 9 லட்சத்தைக் கட்டுவதற்குள் உட்கார்ந்து பேசுங்கள். ஜூலை 2 வரை ஒப்படைப்பு, அங்கிருந்து ஆகஸ்ட் 31 வரை வீட்டில், முழுச் சம்பளம், அதுவரை பணம் கட்டி முன்கூட்டி விலகும் உரிமையைப் பயன்படுத்த மாட்டேன் என்று ஒரு துணை ஒப்பந்தம் கேளுங்கள். உங்களுக்கு அந்த 60 நாளுக்கு ஆகும் செலவு சுமார் 6 லட்சம். அவர் தயங்கினால், தரவேண்டிய இன்சென்டிவை ஆகஸ்ட் 31-ல் மொத்தமாகத் தருவதாகச் சொல்லாதீர்கள், அது அவருக்கு ஏற்கெனவே சேர வேண்டியது. அதற்கு மேல் ஒரு தொகையைத் தனியாகச் சொல்லுங்கள். கையெழுத்தாகும் நாளில் அடுத்த சீசன் விலைக் கோப்புகள் அவர் பார்வையிலிருந்து எடுக்கப்பட்டிருக்கட்டும்.